நள்ளிரவில் கெண்டைக்கால் பிடிக்கிறதா? எதைச் செய்தால் விடுகிறது என்று பாருங்கள்

தூக்கத்தில் காலை நீட்டிச் சோம்பல் முறிக்கும்போது கெண்டைக்கால் சதை சட்டென்று சுருண்டு கல்லாக இறுகிக்கொள்ளும். பாதம் தானாகவே கீழ்நோக்கி வளையும். சில நொடிகளில் விட்டுவிடலாம், பத்து நிமிடம் வரை இழுத்தடிக்கவும் செய்யலாம். விட்ட பிறகும் அந்த இடம் மறுநாள் வரை நோகும். ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது அடிக்கடி வருவதுதான்.

காலையில் யாரிடம் சொன்னாலும் "தண்ணியே குடிக்கறதில்ல நீங்க", "சத்துக் குறைவு, வாழைப்பழம் சாப்பிடுங்க" என்று பதில் தயாராக இருக்கும். சிலருக்கு அது சரிதான். ஆனால் ராத்திரிப் பிடிப்போடு வருபவர்களில் பெரும்பாலோருக்கு ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், கால்சியம் எல்லாம் சரியான அளவிலேயே இருக்கும். வேறு சிலர் 'பிடிப்பு' என்று சொல்லும் வலிக்குக் காரணம் அடைபட்ட ரத்தக் குழாயாகவோ நசுங்கிய நரம்பாகவோ இருக்கும். இவற்றைப் பிரித்துப் பார்க்க, வலி எவ்வளவு கடுமை என்பது அதிகம் உதவாது. எதைச் செய்தால் வலி தணிகிறது என்பது நிறையச் சொல்லும்.

அந்த ஒரு நிமிடத்தில் செய்ய வேண்டியது

எழுந்து உட்கார்ந்து முழங்காலை முழுக்க நேராக்குங்கள். முழங்கால் மடங்கியிருந்தால் கெண்டைச் சதையின் மேல்பகுதி நீளவே நீளாது. பிறகு முன்பாதத்தைப் பிடித்து உங்களை நோக்கி இழுங்கள். கை எட்டாதவர்கள் ஒரு துண்டைப் பாதத்தில் மாட்டி இழுக்கலாம். எழுந்து நிற்க முடிந்தால் குதிகாலைத் தரையில் நன்றாக ஊன்றி உடல் எடையைக் காலின் மேல் போட்டாலும் அதே வேலை நடக்கும். வெடுக்கென்று இழுக்கக் கூடாது. மெதுவாக இழுத்து, இறுக்கம் விட்ட பிறகும் அரை நிமிடம் அப்படியே வைத்திருக்க வேண்டும். வலி குறைந்ததுமே விட்டுவிட்டுப் பாதத்தைக் கீழே நீட்டினால் அடுத்த நொடியே மறுபடியும் பிடிக்கும். பலருக்கு ஒரே ராத்திரியில் இரண்டு மூன்று முறை வருவதற்கு இந்த அவசரமும் ஒரு காரணம்.

இறுக்கம் விட்ட பிறகு தடவிக்கொடுக்கலாம், வெந்நீர்ப் பையும் வைக்கலாம். நீரிழிவால் காலில் உணர்ச்சி மங்கியவர்களுக்கு மட்டும் வெந்நீர்ப் பை வேண்டாம். சூடு தெரியாமலே தோல் வெந்துபோகும்.

நீட்டினால் ஏன் விடுகிறது என்பதில்தான் இந்தப் பிடிப்பின் காரணமும் இருக்கிறது. சதையைச் சுருங்கச் சொல்லும் இயக்க நரம்பு, யாரும் கேட்காமலே கட்டளைகளைப் படபடவென்று அனுப்பத் தொடங்குவதுதான் பிடிப்பு. மல்லாந்தோ குப்புறவோ படுக்கும்போது பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும், கெண்டைச் சதை ஏற்கெனவே பாதி சுருங்கிய நிலையில் இருக்கும். அந்த நிலையில் இன்னும் கொஞ்சம் சுருங்கச் சொன்னால் அது முழுக்க இறுகிவிடும். சதை குதிகாலோடு சேரும் தசைநாரில் இழுவிசையை உணரும் சிறு உறுப்புகள் இருக்கின்றன. நாம் நீட்டும்போது அவை தண்டுவடத்துக்குச் செய்தி அனுப்பி அந்த நரம்பை அடக்குகின்றன. ஆகவே சதை கையால் தொட்டுணரும் அளவுக்கு இறுகியிருந்து, நீட்டியதும் விட்டால், அது உண்மையான தசைப்பிடிப்பு. வயதாக ஆக இயக்க நரம்புகள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதும் தசைநார் குறுகுவதும், வயதானவர்களுக்கு இது கூடுவதற்கான காரணங்களாகக் கருதப்படுகின்றன.

தண்ணீரும் உப்பும்: எவ்வளவு உண்மை?

வெயிலில் வியர்த்துக் கொட்டி உழைப்பவர்களுக்கு இது நூற்றுக்கு நூறு உண்மை. 1920-களில் பிரிட்டன் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம் இதைத் தெளிவாகப் பார்த்தார்கள். சுரங்கச் சூட்டில் வியர்த்துவிட்டு வெறும் தண்ணீரை நிறையக் குடித்தவர்களுக்குத் தசைகள் கடுமையாகப் பிடித்துக்கொண்டன. குடிநீரில் கொஞ்சம் உப்பு சேர்த்ததும் குறைந்தது. வியர்வையில் தண்ணீரோடு முக்கியமாக வெளியேறுவது சோடியம். பொட்டாசியம் அதில் மிகக் குறைவு. அந்த இழப்பை வெறும் தண்ணீரால் மட்டும் ஈடுகட்டினால் ரத்தத்தில் சோடியம் இன்னும் நீர்த்துப்போகிறது.

நம் ஊரில் இதற்கு முதலில் இளநீரைத்தான் நாடுகிறோம். இளநீரில் பொட்டாசியம் தாராளம், சோடியம் ஒப்பீட்டளவில் குறைவு. வியர்வையில் போனதைச் சரிக்கட்ட உப்புப் போட்ட மோரோ உப்பு சேர்த்த கஞ்சித் தண்ணீரோ அதைவிடப் பொருத்தம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இளநீரின் பொட்டாசியம் ஆபத்தாகவும் முடியலாம்.

வயிற்றுப்போக்குக்குப் பிறகு கால் பிடித்தால் ஓ.ஆர்.எஸ். கரைசல் சரியான தேர்வு. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி 20.5 கிராம் எடையுள்ள பெரிய பொட்டலத்தை முழுதாக ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். அடிக்கடி நடக்கும் தப்பு, அந்தப் பொட்டலத்தை ஒரு டம்ளரில் கொட்டிக் குடிப்பது. உப்பும் சர்க்கரையும் அவ்வளவு அடர்த்தியாகக் குடலுக்குள் போனால் அது உடம்பிலிருந்தே தண்ணீரை இழுத்துப் போக்கை அதிகப்படுத்தும். 200 மில்லிக்கான சிறு பொட்டலமும் கடையில் உண்டு, அட்டையில் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். ரத்தக்கொதிப்பு, இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் கால்பிடிப்புக்காக இதைத் தினமும் குடிக்கக் கூடாது.

ஆனால் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வேலை செய்துவிட்டு, நிறமில்லாத சிறுநீர் போகும் அளவுக்குத் தண்ணீர் குடிப்பவருக்கும் ராத்திரி பிடிக்கிறது என்றால், இன்னும் இரண்டு லிட்டர் குடிப்பதால் ஒன்றும் ஆகாது. இரண்டு தடவை கூடுதலாகக் கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

மெக்னீசியம் மாத்திரையின் கதையும் இதுதான். ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு 2020-இல் வெளியிட்ட மதிப்பீட்டில், வயதானவர்களின் கால்பிடிப்பை அது குறிப்பிடும்படி குறைக்க வாய்ப்பில்லை என்றே முடிவு வந்தது. கர்ப்பிணிகளைப் பற்றிய ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. உடம்பில் மெக்னீசியம் உண்மையிலேயே குறைந்திருந்தால் அது வேறு விஷயம். பான்டோபிரசோல், ஒமிபிரசோல் போன்ற அமில மாத்திரைகளை வருடக்கணக்கில் விழுங்குபவர்கள், தினமும் மது குடிப்பவர்கள், நீர் பிரிய மாத்திரை எடுப்பவர்கள் ஆகியோருக்கு அது குறைய வாய்ப்புண்டு. அவர்கள் ரத்தத்தில் அளவு பார்த்துவிட்டு எடுப்பதுதான் முறை. சிறுநீரகம் பழுதானவருக்கு மெக்னீசியம் வெளியேறாமல் தங்கிவிடும்.

உப்புக் குறைவை அடையாளம் காண ஒரு வழி உண்டு. அது இடது கெண்டைக்காலை மட்டும் தேர்ந்தெடுத்துப் பிடிக்காது. இரண்டு காலிலும், தொடையிலும், கைவிரல்களிலும், பகலிலும்கூட வரும். பொட்டாசியம் குறைந்தால் தசைகள் பலவீனமாகும், நெஞ்சு படபடக்கலாம். கால்சியம் குறைந்தால் உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் மதமதப்பு வரும், கைவிரல்கள் குவிந்து இறுகும். தைராய்டு அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்கு இப்படி ஆனால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

உணவைக் குறை சொல்வதற்கு முன் மாத்திரை டப்பாவைத் திறந்து பார்ப்பது நல்லது. ஹைட்ரோகுளோரோதையசைடு, குளோர்தாலிடோன், ஃபியூரோசமைடு போன்ற நீர் பிரிய வைக்கும் மருந்துகளும், ஆஸ்துமாவுக்கான சால்மெட்ரால் வகை இன்ஹேலரும் கால்பிடிப்போடு தொடர்புள்ளவை. இதில் சிக்கல் என்னவென்றால், இன்று பல ரத்தக்கொதிப்பு மாத்திரைகள் கூட்டு மாத்திரைகள். பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் ஓர் எழுத்துதான் உள்ளே நீர் மாத்திரை இருப்பதைக் காட்டும். தானாக நிறுத்திவிடாமல், அட்டையை எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ரத்த ஓட்டம் என்றால் மூன்று வேறு விஷயங்கள்

முதலாவது தமனி அடைப்பு. காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் கொழுப்புப் படிந்து குறுகியிருக்கும். இதன் வலி படுக்கையில் தொடங்குவதில்லை, நடையில்தான் தொடங்கும். தெருமுனை வரை நன்றாகப் போவார். அதற்கு மேல் கெண்டைக்கால் கவ்விப் பிடிக்கும். ஓரமாக நின்றால் சில நிமிடங்களில் விடும். திரும்ப நடந்தால் ஏறக்குறைய அதே தூரத்தில் பிடிக்கும். ஒவ்வொரு முறையும் தூரம் ஒன்றுபோலவே இருப்பதும், உட்காராமல் வெறுமனே நின்றாலே விடுவதும் முக்கியமான துப்பு. புகைபிடிப்பவர்களிலும் நீரிழிவு உள்ளவர்களிலும் இது அதிகம்.

அடைப்பு முற்றினால் ராத்திரியிலும் வலிக்கும். ஆனால் அந்த வலி பெரும்பாலும் கால்விரல்களிலும் பாதத்திலும் இருக்கும், சதை இறுகியிருக்காது. படுத்தால் கூடும். கட்டிலிலிருந்து காலைக் கீழே தொங்கவிட்டால் புவியீர்ப்பால் ரத்தம் கொஞ்சம் இறங்கி வலி தணியும். நாற்காலியில் காலைத் தொங்கவிட்டே தூங்கும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால், "வயசானா அப்படித்தான்" என்று விடாமல் பாதத்தைப் பாருங்கள். குளிர்ந்து வெளிறியிருக்கிறதா, விரலில் ஆறாத புண் இருக்கிறதா, கறுப்பு தட்டியிருக்கிறதா? இருந்தால் அந்த வாரத்திலேயே ரத்தநாள மருத்துவரைப் பார்க்க வேண்டும். கால் திடீரென்று சில்லிட்டு, வெளுத்து, மரத்துப்போனால் மணிக்கணக்கில்கூடக் காத்திருக்க நேரமில்லை.

இரண்டாவது சிரை. மேலே திரும்ப வேண்டிய ரத்தம் காலில் தேங்குவதால் சாயங்காலம் கால் கனக்கும், கணுக்கால் வீங்கிச் சாக்ஸின் தடம் பதியும், புடைத்த சிரைகள் தெரியும், ராத்திரி பிடிப்பும் வரலாம். தமனிக்கு நேர்மாறாக இதில் காலைத் தூக்கி வைத்தால்தான் இதம். நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பவர்களிடம் இது சகஜம். தமிழ்நாட்டில் 2021-இல் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தினார்கள். அந்த இருக்கையில் வாடிக்கையாளர் இல்லாத பத்து நிமிடம் உட்கார்ந்து கணுக்காலை மேலும் கீழும் ஆட்டினாலே தேங்கிய ரத்தம் நகரும்.

மூன்றாவது, ஆழ்சிரையில் ரத்தக் கட்டி. இதைப் பிடிப்பு என்று நினைத்து எண்ணெய் போட்டு உருவிவிடுவதுதான் பெரிய ஆபத்து, கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். இந்த வலி வந்து போகாமல் மணிக்கணக்கில் நீடிக்கும், காலை நீட்டினாலும் விடாது. ஒரு காலில் மட்டும் வீக்கமும் சூடும் இருக்கும். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் தெரியும் மேட்டிலிருந்து 10 செ.மீ. கீழே இரண்டு காலின் சுற்றளவையும் தையல் டேப்பால் அளந்து பாருங்கள். 3 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அன்றே ஸ்கேன் எடுக்க வேண்டும். வித்தியாசம் குறைவாக இருப்பதாலேயே கட்டி இல்லை என்று சொல்லிவிட முடியாது. அறுவை சிகிச்சை, பிரசவம், நீண்ட பயணம் முடிந்த சில வாரங்களுக்குள் இப்படி வலித்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

நரம்பு காரணமாக இருந்தால்

முதுகெலும்பில் நரம்பு செல்லும் பாதை குறுகியிருந்தால், தமனி அடைப்பைப் போலவே நடக்கும்போது காலில் வலி வரும். இதில் சும்மா நின்றால் விடாது. உட்கார்ந்தாலோ முன்னால் குனிந்தாலோதான் விடும். கொஞ்ச தூரம் நடக்கவே தடுமாறுபவர், குனிந்து ஓட்டும் சைக்கிளில் வெகு தூரம் போய்விட்டு வருவார். தமனி அடைப்புக்காரரால் அது முடியாது, மிதிப்பதற்கும் ரத்தம் வேண்டுமே.

இடுப்புக்குக் கீழே கெண்டைக்காலுக்கு வரும் நரம்பு வேர் நசுங்கியிருந்தால் ஒரே காலில் அடிக்கடி பிடிக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று குதிகாலை உயர்த்திப் பாருங்கள், பிறகு மறுகாலில் செய்யுங்கள். ஒரு பக்கம் பத்துத் தடவை ஏறி, மறுபக்கம் இரண்டிலேயே தொய்ந்தால் அந்தப் பக்கத் தசை பலவீனமாகியிருக்கிறது. மூட்டுவலியாலும் இப்படி ஆகலாம் என்றாலும், மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்திதான் இது.

நீரிழிவு நரம்புப் பாதிப்பில் இரண்டு பாதங்களிலும் எரிச்சல், ஊசி குத்தல், பஞ்சின்மேல் நடப்பது போன்ற உணர்வு இருக்கும், அதோடு பிடிப்பும் வரும். செருப்பு கழன்றதே தெரியாமல் நடந்துபோயிருக்கிறீர்களா என்று மருத்துவர்கள் கேட்பது இதற்காகத்தான். மெட்ஃபார்மினைப் பல வருடம் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறைந்தும் இதே மாதிரி ஆகலாம், ஆகவே இரண்டையும் பார்த்துவிடுவது நல்லது.

கெண்டைக்காலில் சதை துடிப்பது மட்டும் இருந்தால் பயப்பட வேண்டியதில்லை, ஏராளமானவர்களுக்கு வருவதுதான். துடிப்போடு தசை மெலிந்து, பலமும் குறைந்துகொண்டே வந்தால் நரம்பியல் மருத்துவரிடம் போக வேண்டும். இன்னொன்றும் உண்டு. படுத்ததும் காலுக்குள் ஏதோ ஊர்வது போல இருக்கும், அசைக்காமல் இருக்க முடியாது, எழுந்து நடந்தால் நிற்கும். சதை இறுகவே இறுகாது. இது பிடிப்பு அல்ல, ஓய்வற்ற கால் எனும் தனிக் கோளாறு. இரும்புச் சத்தின் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவைப் பார்ப்பது இதில் முதல் வேலை.

இரண்டு வலிகள் ஒரே காலில்

இதெல்லாம் நிஜத்தில் இவ்வளவு தனித்தனியாக வராது. ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். 64 வயதுக்காரர், நீரிழிவும் ரத்தக்கொதிப்பும் உண்டு, முப்பது வருடம் சிகரெட் பிடித்தவர். இரண்டு மாதமாக வாரத்தில் மூன்று நாள் ராத்திரி இரண்டு கெண்டைக்காலும் மாறி மாறிப் பிடிக்கிறது, நீட்டினால் விடுகிறது. போதாக்குறைக்கு இடது கால், மார்க்கெட்டுக்கு நடக்கும்போது 200 மீட்டரில் பிடிக்கிறது, மூன்று நிமிடம் நின்றால் விடுகிறது. அவருக்கு இவை இரண்டும் ஒரே வியாதி அல்ல, இரண்டு வேறு வியாதிகள்.

மாத்திரை அட்டையைப் பார்த்தால், இரண்டரை மாதத்துக்கு முன் ரத்தக்கொதிப்பு மருந்தோடு 12.5 மி.கி. குளோர்தாலிடோன் சேர்க்கப்பட்டிருக்கிறது. ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 3.1, குறைந்தது 3.5 இருக்க வேண்டும். ராத்திரிப் பிடிப்புக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். மருத்துவர் மருந்தை மாற்றி, பொட்டாசியத்தை ஈடுசெய்தால் அது குறைய வேண்டும்.

நடக்கும்போது வரும் வலிக்கு வேறு சோதனை. கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தத்தை டாப்ளர் கருவியால் அளந்து, கணுக்கால் அளவைக் கை அளவால் வகுக்கிறார்கள். கையில் 150, இடது கணுக்காலில் 96 என்றால் விகிதம் 0.64. 0.9-ம் அதற்குக் கீழும் அடைப்பைக் குறிக்கும். நீரிழிவுக்காரர்களிடம் இந்தச் சோதனை ஏமாற்றுவதுண்டு. தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து விறைத்திருந்தால் பட்டையால் அதை அழுத்த முடியாமல் விகிதம் 1.4-ஐத் தாண்டிக் காட்டும். அதை 'ரொம்ப நல்லா இருக்கு' என்று எடுத்துக்கொள்ளாமல் கால் கட்டைவிரலில் அழுத்தம் பார்க்க வேண்டும்.

இவர் வாழைப்பழத்தோடு நிறுத்தியிருந்தால், ராத்திரிப் பிடிப்பு கொஞ்சம் குறைந்த திருப்தியில் தமனி அடைப்பைக் கவனிக்காமலே விட்டிருப்பார். இதே அடைப்பு இதயத்திலும் மூளையிலும் இருக்க வாய்ப்பு அதிகம் என்பதால், நடை வலிக்கான சிகிச்சை சிகரெட்டை விடுவதிலும், மருத்துவர் தரும் கொழுப்புக் குறைப்பு மாத்திரையிலும், வலிக்கும் வரை நடந்து நின்று மறுபடி நடக்கும் பயிற்சியிலும் தொடங்குகிறது.

எந்தக் காரணமும் அகப்படாதபோது

பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் வந்து நிற்பார்கள். அவர்களுக்குப் படுக்கப் போகும் முன் சதையை நீட்டுவது செலவில்லாத முதல் வழி. நெதர்லாந்தில் 55 வயதுக்கு மேற்பட்ட 80 பேரிடம் நடத்தி 2012-இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு வாரம் இரவுதோறும் கெண்டைக்காலையும் பின்தொடையையும் நீட்டியவர்களுக்குப் பிடிப்பு குறைந்தது. எல்லா ஆய்வுகளும் இவ்வளவு சாதகமாக வரவில்லை, ஆனாலும் முயன்று பார்ப்பதில் நஷ்டம் இல்லை.

சுவரிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி நின்று இரு கைகளையும் சுவரில் ஊன்றுங்கள். ஒரு காலை முன்னே வைத்து அதன் முழங்காலை மடக்குங்கள். பின்னால் இருக்கும் காலின் முழங்கால் நேராகவும் குதிகால் தரையில் அழுந்தியும் இருக்கட்டும். இடுப்பைச் சுவரை நோக்கி நகர்த்தினால் பின்காலின் கெண்டைச் சதை இழுபடும். 10 நொடி வைத்து விடுங்கள், காலுக்கு மூன்று தடவை. குதிகால் தரையை விட்டு எழும்பினாலோ, பாதம் வெளிப்பக்கம் திரும்பினாலோ இழுவை சதைக்குப் போகாது. செய்தும் பலனில்லை என்பவர்களிடம் பெரும்பாலும் இந்தக் குறைதான் இருக்கும். மல்லாந்து படுப்பவர்கள் போர்வையைக் கால்மாட்டில் இறுக்கிச் சொருகாமல் தளர்வாக விடலாம். குப்புறப் படுப்பவர்கள் பாதத்தைக் கட்டில் விளிம்புக்கு வெளியே வைத்துக்கொள்ளலாம்.

முன்பு இதற்குக் குயினைன் கொடுத்தார்கள். பிடிப்பைக் கொஞ்சம் குறைக்கும் என்பது உண்மைதான். ஆனால் ரத்தத் தட்டணுக்களை ஆபத்தான அளவுக்குச் சரிப்பதும் இதயத் துடிப்பைக் கெடுப்பதும் உண்டு என்பதால், கால்பிடிப்புக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்திருக்கிறது. யாருடைய பழைய சீட்டையாவது வைத்து வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

மருத்துவரிடம் போவதானால் இரண்டு வாரத்துக்கு ஒரு குறிப்பு எழுதி வையுங்கள்: எந்த நேரம், எந்தக் கால், சதை இறுகியிருந்ததா, எதைச் செய்ததும் விட்டது, அன்று என்னென்ன மாத்திரை. நடக்கும்போது வலித்தால் எவ்வளவு தூரத்தில், நின்றதும் விட்டதா அல்லது உட்கார்ந்த பிறகுதானா என்பதையும் சேருங்கள். எந்தச் சோதனையில் தொடங்குவது என்பதை அவர் பெரும்பாலும் அந்தத் தாளை வைத்தே முடிவு செய்துவிடுவார்.